எலக்ட்ரான்களை ஒளி ஆட்டுகிறது என்றால் கண்ணாடி ஏன் ஒளியை விழுங்கவில்லை?

கேள்வி: "ஒளி கண்ணாடிக்குள் போகும்போது அங்கிருக்கும் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது, ஒளிவிலகல் எண் அதிலிருந்துதான் வருகிறது என்று படித்தேன். ஆட்டினால் ஆற்றல் செலவாகுமே, பிறகு எப்படி ஒளி மறுபக்கம் வருகிறது? ஒத்ததிர்வை நெருங்க நெருங்க எண் கூடும் என்றும் சொல்கிறார்கள். அது ஏன்?"

ஒன்றை ஆட்டுவதால் மட்டும் ஆற்றல் செலவாகிவிடாது. எந்த நேரத்தில் தள்ளுகிறோம், அந்த நேரத்தில் அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் செலவு. இந்த நேரப் பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்திலிருந்து அவிழும். ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு உறுதியோடு பதில் சொல்ல முடியாது. எண் ஏன் கூடுகிறது என்பதை இந்தப் பழைய அலையியற்றிப் படம் எண்கணக்கு வரை சரியாகச் சொல்லிவிடும். கண்ணாடி ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைப் பாதிதான் சொல்லும். ஒளியியல் பாடம் நடத்தும்போது இந்த வேறுபாட்டைத்தான் நான் அழுத்திச் சொல்வது வழக்கம், ஏனென்றால் பல பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகின்றன.

படம் இதுதான். கண்ணாடிக்குள் உள்ள ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் இடத்தோடு ஒரு சுருள்வில்லால் கட்டப்பட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் அது தன் இயல் அதிர்வெண்ணில் ஆடும். ஒளியின் மின்புலம் அதை வேறொரு அதிர்வெண்ணில் தள்ளுகிறது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1871இல், செல்மையர் என்ற ஜெர்மானியர் பொருளுக்குள் இப்படி ஆடக்கூடிய துகள்கள் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு சமன்பாடு எழுதினார். பின்னால் லோரன்ட்ஸ் அந்தத் துகளுக்கு மின்னூட்டமும் நிறையும் கொடுத்து முழுமையாக்கினார். லென்ஸ் வடிவமைப்பவர்கள் இன்றும் செல்மையரின் சமன்பாட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எவ்வளவு ஆட்டம் என்பதையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் என்று வைத்தால், அதற்கு இணையான மின்புலம் மீட்டருக்கு ஏறக்குறைய 870 வோல்ட். அந்தப் புலம் சிலிக்கா கண்ணாடியின் ஓர் எலக்ட்ரானை நகர்த்தும் தூரம் சுமார் 4 × 10⁻¹⁹ மீட்டர். ஒரு புரோட்டானின் ஆரத்தைவிட இது சுமார் 2000 மடங்கு சிறியது. இவ்வளவு சின்ன ஆட்டமா ஒளியை வளைக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒரு கன மில்லிமீட்டர் கண்ணாடிக்குள் 10²⁰க்கும் மேற்பட்ட எலக்ட்ரான்கள் இருக்கின்றன, அத்தனையும் ஒளி வந்து சேரும் வரிசையிலேயே, தாளம் தப்பாமல் ஆடுகின்றன. எண்ணிக்கையும் ஒழுங்கும் சேர்ந்துதான் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது நேரப் பொருத்தத்துக்கு வருவோம். ஒரு சாவிக்கொத்தை அரை முழ நூலில் கட்டி, நூலின் மேல்முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கையை இடமும் வலமுமாக மிக மெதுவாக நகர்த்துங்கள். கை போகும் பக்கமே சாவியும் போகும். கையை வேகமாக ஆட்டினால் கை வலப்பக்கம் போகும்போது சாவி இடப்பக்கம் இருக்கும். நடுவில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சாவி பெரிதாக வீசியாடும், அதுதான் ஒத்ததிர்வு. அந்த இடத்தில் கைக்கு இழுவை தெரியும், ஆற்றல் உங்கள் கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். எலக்ட்ரானுக்கும் இதே மூன்று நிலைகள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அதிர்வெண் கண்ணாடி எலக்ட்ரான்களின் இயல் அதிர்வெண்ணைவிட மிகக் குறைவு. ஆகவே நாம் முதல் நிலையில், மெதுவாகத் தள்ளும் நிலையில் இருக்கிறோம்.

அந்த நிலையில் எலக்ட்ரானின் இடப்பெயர்ச்சி விசையோடு ஒத்துப்போகிறது. விசை உச்சத்தில் இருக்கும்போது இடப்பெயர்ச்சியும் உச்சத்தில் இருக்கும், எனவே அந்தக் கணத்தில் திசைவேகம் சுழி. செலவாகும் திறன் என்பது விசை பெருக்கல் திசைவேகம். ஒரு சுழற்சியின் கால்பகுதியில் ஒளி எலக்ட்ரானுக்கு ஆற்றல் கொடுக்கிறது, அடுத்த கால்பகுதியில் எலக்ட்ரான் அதே அளவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. முழுச் சுழற்சிக்கும் கூட்டினால் ஒன்றும் மிஞ்சாது. ஆட்டம் இருந்தும் இழப்பு இல்லை என்பதற்கு இதுதான் காரணம். சரியாக ஒத்ததிர்வில் மட்டும் கதை வேறு. அங்கே திசைவேகமே விசையோடு சேர்ந்து ஓடுகிறது, எந்தக் கணத்தில் பார்த்தாலும் ஒளிதான் கொடுக்கிறது, எலக்ட்ரான் திருப்பித் தருவதில்லை. உட்கவர்தல் நடப்பது அங்கேதான்.

சரி, இழப்பு இல்லை, ஆனால் ஒளி ஏன் தாமதமாகிறது? ஆடும் மின்னூட்டம் தானும் ஓர் அலையை வெளிவிடும். ஒளியின் பாதைக்குக் குறுக்கே கண்ணாடியின் மெல்லிய தகடு ஒன்றை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து முன்னோக்கி அனுப்பும் அலை, அவற்றின் திசைவேகத்துக்கு எதிர்க்குறியோடு விகிதப்பொருத்தத்தில் இருக்கும். ஒத்ததிர்வுக்குக் கீழே இந்த அலை, வந்த ஒளியைவிடக் கால் சுழற்சி பின்தங்கியிருக்கும். பெரிய அலையோடு கால் சுழற்சி பின்தங்கிய சின்ன அலையைக் கூட்டினால், கூட்டுத்தொகையின் உயரம் ஏறக்குறைய மாறாது, அதன் உச்சம் மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகும். அடுத்த தகட்டில் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். இந்தச் சிறுசிறு தாமதங்களின் கூட்டைத்தான் ஒளி கண்ணாடிக்குள் மெதுவாகப் போகிறது என்று சொல்கிறோம். எலக்ட்ரான் ஒளியைப் பிடித்து வைத்திருந்து பிறகு விடுகிறது என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியான விளக்கம் இல்லை. அப்படிப் பிடித்து விட்டால் எந்தத் திசையில் விட வேண்டும் என்று எலக்ட்ரானுக்கு எப்படித் தெரியும்? இந்த அலைக் கூட்டலில் அந்தச் சிக்கலே எழுவதில்லை. பக்கவாட்டில் போகும் அலைகள், எலக்ட்ரான்கள் நெருக்கமாகவும் சீராகவும் இருப்பதால், ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. முன்னோக்கிய அலை மட்டுமே வலுவாக நிற்கிறது. கண்ணாடியின் அடர்த்தியில் நுண்ணிய ஏற்ற இறக்கம் இருக்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் ஒளி பக்கவாட்டில் சிதறும்.

எண் ஏன் கூடுகிறது என்பது இப்போது சுலபம். தள்ளும் அதிர்வெண் இயல் அதிர்வெண்ணை நெருங்க நெருங்க, அதே விசைக்கு எலக்ட்ரான் அதிகமாக ஆடும். அதிக ஆட்டம் என்றால் பின்தங்கிய அலை பெரிது, தாமதமும் பெரிது. சமன்பாடாக எழுதினால்:

n² − 1 = B ω₀² / (ω₀² − ω²)

இதில் ω₀ இயல் அதிர்வெண், ω ஒளியின் அதிர்வெண், B என்பது எத்தனை எலக்ட்ரான்கள் எவ்வளவு வலுவாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதன் அளவு. நீல ஒளியின் ω சிவப்பைவிட அதிகம், ஆகவே பின்னத்தின் கீழ்ப்பகுதி சிறியது, n பெரியது. முப்பட்டகத்தில் நீலம் அதிகம் வளைவதன் காரணம் முழுவதும் இந்த ஒரு கழித்தலில் இருக்கிறது.

இதை நம்பலாமா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. மேலே உள்ளதைத் தலைகீழாக்கி அலைநீளத்தில் எழுதினால்

1/(n² − 1) = (1/B)(1 − λ₀²/λ²)

என்று ஆகும். அதாவது 1/(n² − 1) என்பதை 1/λ² உடன் வரைபடமாக்கினால் நேர்கோடு வர வேண்டும். தூய சிலிக்கா கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். சோடியம் மஞ்சளில், 589.3 நானோமீட்டரில், அதன் எண் 1.4584. ஊதாவில், 400 நானோமீட்டரில், 1.4701. இந்த இரண்டு எண்களிலிருந்து 1/(n² − 1) முறையே 0.8874, 0.8612 என்று வருகிறது. 1/λ² ஐ மைக்ரோமீட்டரில் கணக்கிட்டால் 2.880, 6.250. இரண்டு புள்ளிகளையும் சேர்க்கும் கோட்டின் சரிவு −0.00777, வெட்டுத்துண்டு 0.9098. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, குறியை நீக்கி, வர்க்கமூலம் எடுத்தால் λ₀ = 0.092 மைக்ரோமீட்டர், அதாவது 92 நானோமீட்டர். கண்ணால் காணும் ஒளியில் இரண்டு எண்களை மட்டும் அளந்துவிட்டு, கண்ணுக்கு எட்டாத புற ஊதாவில் சிலிக்காவின் ஒத்ததிர்வு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டோம். சிலிக்கா உண்மையிலேயே வலுவாக உட்கவர்வது அந்தப் பக்கம்தான், சுமார் 120 நானோமீட்டரிலிருந்து கீழே. இந்த இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இதே கோட்டை 200 நானோமீட்டருக்கு நீட்டினால் n = 1.548 என்று வரும். அளந்த மதிப்பு 1.5505. கொஞ்சம் குறைவாகச் சொல்கிறது, காரணமும் தெரிந்ததுதான்: உண்மையில் ஒத்ததிர்வு ஒன்றல்ல, ஒரு பட்டையாகப் பரவியிருக்கிறது, 92 என்பது அதன் சராசரி. நாம் அதை நெருங்கும்போது நமக்கு அருகில் இருக்கும் பகுதி தனியாகத் தெரிய ஆரம்பிக்கிறது. மறுபக்கம், 1.55 மைக்ரோமீட்டருக்கு நீட்டினால் 1.450 வருகிறது, அளந்தது 1.444. இங்கே கோடு அதிகமாகச் சொல்கிறது. இந்தத் தவறு வேறு இடத்திலிருந்து வருகிறது. சிலிக்கன், ஆக்சிஜன் அணுக்களே ஒன்றுக்கொன்று எதிராக ஆடும் ஓர் ஒத்ததிர்வு அகச்சிவப்பில் சுமார் 9 மைக்ரோமீட்டரில் இருக்கிறது. அணுக்கள் கனமானவை, அதனால் மெதுவானவை. நம் ஒளி அந்த ஒத்ததிர்வுக்கு மேலே இருக்கிறது, சாவிக்கொத்தின் மூன்றாம் நிலை. அங்கே ஆட்டம் விசைக்கு எதிராக இருப்பதால் எண்ணைக் குறைக்கும். அலைநீளம் கூடக்கூட இந்தக் குறைப்பும் கூடுகிறது. செல்மையர் சமன்பாட்டில் சிலிக்காவுக்கு மூன்று உறுப்புகள் எழுதுவது இதனால்தான்: புற ஊதாவுக்கு இரண்டு, அகச்சிவப்புக்கு ஒன்று. அவ்வளவு போதும், நான்கு தசம இடம் வரை அளவீட்டோடு ஒத்துப்போகும்.

எண் கூடிக்கொண்டே போய் ஒத்ததிர்வில் முடிவிலி ஆகுமா என்றால், ஆகாது. எலக்ட்ரானின் ஆட்டத்துக்கு ஏதாவது ஒரு தணிப்பு இருக்கும், ஒத்ததிர்வுக்கு ஓர் அகலம் இருக்கும். ஒத்ததிர்வுக்குச் சுமார் அரை அகலம் கீழே எண் உச்சத்தைத் தொடும். அதற்கு மேல், உட்கவர்தல் பட்டைக்குள்ளேயே, எண் சரசரவென்று இறங்கும். பட்டைக்குள் சிவப்புப் பக்கம் அதிகம் வளையும், நீலப் பக்கம் குறைவாக வளையும். 1870இல் கிறிஸ்டியான்சன் என்ற டென்மார்க் இயற்பியலாளர் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயக் கரைசலைக் கொண்டு இந்தத் தலைகீழ் நிறப்பிரிகையைப் பார்த்தார். செல்மையர் அடுத்த ஆண்டே தன் விளக்கத்தை வெளியிட்டார். கண்ணாடியில் இதைப் பார்ப்பது கடினம், பட்டைக்குள் ஒளி அதிக தூரம் போகாது. பட்டையைக் கடந்து மிக மேலே, எக்ஸ் கதிரில், எல்லா எலக்ட்ரான்களும் மூன்றாம் நிலையில் இருக்கும், கண்ணாடியின் எண் 1ஐவிட மிகச் சிறிதளவு குறைந்துவிடும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி கண்ணாடியின் தெளிவைப் பற்றிச் சொல்வதில் கவனம் வேண்டும். ஒத்ததிர்விலிருந்து விலகும்போது எண்ணின் பங்கு விலகலுக்குத் தலைகீழாகக் குறைகிறது, உட்கவர்தல் விலகலின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. ஆகவே தொலைவில் எண் மிஞ்சும், உட்கவர்தல் போய்விடும் என்பது வழக்கமான விளக்கம். திசை சரிதான். ஆனால் எண்களைப் போட்டுப் பாருங்கள். 92 நானோமீட்டருக்கு இணையான ஆற்றல் 13.5 எலக்ட்ரான் வோல்ட். தணிப்பின் அகலம் 1 எலக்ட்ரான் வோல்ட் என்று நியாயமாகவே வைப்போம். மஞ்சள் ஒளி 2.1 எலக்ட்ரான் வோல்ட். சமன்பாட்டில் தணிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், சிலிக்காவுக்குள் மஞ்சள் ஒளி 10 மைக்ரோமீட்டர் தூரத்திலேயே குறைந்து, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் மட்டுமே மிஞ்ச வேண்டும். ஜன்னல் கண்ணாடி கரும்பலகையாக இருக்க வேண்டும்! தணிப்பை நூறு மடங்கு குறைத்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஒளி தாக்குப்பிடிக்காது. உண்மையில் தகவல் தொடர்புக்கான சிலிக்கா இழையில் 1.55 மைக்ரோமீட்டர் ஒளி பாதியாகக் குறையவே சுமார் 15 கிலோமீட்டர் போக வேண்டும். அந்த இழப்பிலும் பெரும்பகுதி உட்கவர்தல் அல்ல, நான் முன்பு சொன்ன அடர்த்தி ஏற்ற இறக்கத்தால் வரும் சிதறல்.

இத்தனை மடங்கு தவறு எங்கிருந்து வருகிறது? தணிப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டதில். சுருள்வில்லும் உராய்வும் கொண்ட ஒரு பொருள் எந்தச் சிறு ஆற்றலையும் உராய்வாக ஏற்றுக்கொள்ளும். சிலிக்காவின் எலக்ட்ரான் ஏற்றுக்கொள்ளாது. அதற்கு அனுமதிக்கப்பட்ட அடுத்த ஆற்றல் நிலை சுமார் 9 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது. 2 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானை வாங்கி வைத்துக்கொள்ள அங்கே இடமே இல்லை. ஆகவே இடைவெளிக்குள் தணிப்பு கிட்டத்தட்ட சுழி, உட்கவர்தல் விளிம்பிலிருந்து அடுக்குக்குறியாக, மிக வேகமாக விழுகிறது. ஆட்டத்தால் ஆற்றல் செலவாக வேண்டியதில்லை என்பதைப் பழைய படம் காட்டுகிறது, உண்மையில் செலவாகாமல் இருப்பதற்குக் காரணம் குவாண்டம் இடைவெளி. எண் மட்டும் ஏன் தப்பிப் பிழைக்கிறது என்றால், குவாண்டம் இயக்கவியலில் கணக்கிட்டாலும் ஒத்ததிர்வுக்குத் தொலைவில் அதே ω₀² − ω² வடிவம்தான் வருகிறது. சுருள்வில்லின் அதிர்வெண்ணுக்குப் பதில் இரு நிலைகளுக்கு இடையிலான ஆற்றல் வேறுபாடு, எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்குப் பதில் அந்த மாற்றத்தின் வலிமை.

அந்த எண்ணிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே கிடைத்த B, λ₀ இரண்டையும் வைத்து, ஒரு SiO₂ அலகுக்கு எத்தனை எலக்ட்ரான்கள் ஆடுகின்றன என்று கேட்டால் 6.5 என்று விடை வரும். இணைதிற எலக்ட்ரான்கள் மட்டுமே 16, மொத்தம் 30. மீதி இன்னும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன, அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குப் பங்களிப்பு குறைவு. அதோடு ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுக்களின் புலத்தையும் உணர்கிறது, இதனால் λ₀ தனியான ஓர் அணுவின் ஒத்ததிர்வாக இல்லாமல் நகர்ந்திருக்கும். ஆகவே 92 நானோமீட்டரில் ஒரு கூர்மையான கோடு இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேட வேண்டாம்.

உங்களுக்குக் கல்லூரி ஆய்வகம் கையில் இருந்தால், நிறமாலைமானியும் பாதரச விளக்கும் வைத்துக் கோஷி மாறிலி காணும் பயிற்சியின் அதே அளவீடுகளை எடுத்து, n க்குப் பதில் 1/(n² − 1) ஐ வரைந்து பாருங்கள். ஆய்வகத்து முப்பட்டகம் பெரும்பாலும் ஈயம் கலந்த பிளின்ட் கண்ணாடியாக இருக்கும். எஃப்2 என்ற வகைக்கு 656.3 நானோமீட்டரில் 1.6150, 486.1 நானோமீட்டரில் 1.6321. இதே கணக்கைச் செய்தால் λ₀ சுமார் 130 நானோமீட்டர் என்று வரும். ஈயம் ஒத்ததிர்வைச் சிலிக்காவைவிடக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நோக்கி இழுத்துவந்திருக்கிறது. பிளின்ட் கண்ணாடியில் எண்ணும் நிறப்பிரிகையும் சேர்ந்தே கூடுவது இதனால்தான். ஈயம் மிக அதிகமான கண்ணாடிகள் லேசாக மஞ்சளாகத் தெரிவதும் இதே காரணத்தால், உட்கவர்தலின் விளிம்பு ஊதாவைத் தொட ஆரம்பித்துவிடுகிறது. முப்பட்டகக் கோணத்தில் சிறு பிழை இருந்தால் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தே நகரும், λ₀ அதிகம் கெடாது. ஆனால் ஒரே ஒரு கோட்டின் சிறும விலகலைத் தவறாகப் படித்தால் அந்தப் புள்ளி தனியாக விலகி நிற்கும், வரைபடத்தில் உடனே தெரிந்துவிடும். அந்தக் கோட்டுக்கு மட்டும் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.